கல்லாவிலிருந்து முதலாளி எடுக்கும் பணம்

நேயர்களுக்கு வணக்கம்.

சொந்தமாகக் கடை வைத்திருப்பவர்கள் கணக்கு எழுதக் கொடுக்கும்போது, "மாசம் முப்பதாயிரம் எனக்குச் சம்பளம்னு போட்டுடுங்க" என்று சொல்வது வழக்கம். காலையிலிருந்து இரவு வரை கடையில் நிற்பவர் அப்படிக் கேட்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனாலும் அதைச் சம்பளம் என்று எழுத முடியாது.

ஒரு மளிகைக் கடையின் ஓராண்டுக் கணக்கைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். விற்பனை 48 லட்சம், விற்ற சரக்கின் அடக்கம் 40 லட்சம். மீதி 8 லட்சத்தில் வாடகை, உதவியாளர் சம்பளம், கரண்ட் பில், வண்டிக் கூலி எல்லாம் சேர்த்து 3,40,000 போகிறது. நிகர லாபம் 4,60,000.

முதலாளி வீட்டுச் செலவுக்கு மாதம் 30,000 எடுக்கிறார். வருஷத்துக்கு 3,60,000. பிள்ளையின் பள்ளிக் கட்டணம் 60,000, தன் ஆயுள் காப்பீட்டுக்கு 24,000, இரண்டும் கடையின் வங்கிக் கணக்கிலிருந்தே போயின. வீட்டுக்கு எடுத்துப்போன அரிசி, எண்ணெய், சோப்பு எல்லாம் அடக்க விலையில் 36,000. ஆக மொத்தம் 4,80,000.

இவ்வளவையும் செலவு என்று எழுதினால் கடை 20,000 நட்டத்தில் நிற்கும்! நன்றாக ஓடுகிற கடை நட்டக் கடை ஆகிவிடும். அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு வங்கிக்குக் கடன் கேட்கப் போனால் என்ன பதில் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, ஏன் செலவு இல்லை? வாடகையும் கூலியும் வியாபாரம் நடப்பதற்காகப் போகிற பணம். பள்ளிக் கட்டணம் கட்டியதால் கடையில் ஒரு கிலோ பருப்புகூடக் கூடுதலாக விற்காது. அது முதலாளி தன் பங்கை எடுத்துக்கொள்வது. அதனால் அது லாப நட்டக் கணக்குக்கே போகாது. எடுப்புகள் என்ற தனிக் கணக்கில் சேர்ந்து, ஆண்டு முடிவில், முதலாளி கடையில் போட்ட பணத்தைக் காட்டும் முதல் கணக்கில் கழிக்கப்படும். நம் கடையில் ஆண்டுத் தொடக்கத்தில் முதல் 6,00,000 என்றால், லாபம் 4,60,000 கூட்டி, எடுப்பு 4,80,000 கழித்து, மிஞ்சுவது 5,80,000. சம்பாதித்ததைவிட 20,000 அதிகமாக எடுத்துவிட்டார் என்ற செய்தி இங்கேதான் தெரிகிறது. செலவோடு கலந்திருந்தால் தெரிந்திருக்காது.

ஏன் சம்பளம் இல்லை? சம்பளம் என்றால் கொடுக்க ஒருவர், வாங்க ஒருவர் வேண்டும். கணக்குப் புத்தகத்தில் கடையையும் முதலாளியையும் தனித்தனியாகப் பிரித்து எழுதுகிறோம். ஆனால் சட்டத்தின் கண்ணில், ஒருவரே முதலாளியாக இருக்கும் தனியுரிமை வியாபாரத்தில் இருப்பது ஒரே ஆள்தான், அவரது பான் எண்ணும் ஒன்றுதான். தனக்குத் தானே வேலைக்காரராக முடியாது. பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் சட்டப்படி கம்பெனி வேறு, அதன் முதலாளி வேறு, அதனால் இயக்குநருக்குச் சம்பளம் கொடுக்கலாம். கூட்டு நிறுவனத்தில்கூட ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், வேலை செய்யும் பங்குதாரருக்குச் சட்டம் சொல்லும் வரம்புக்குள் ஊதியம் கொடுத்துக் கழிக்கலாம். தனி ஆளுக்கு அந்த வழி இல்லை.

எனவே வருமான வரி 4,60,000 லாபத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும். அவர் 2 லட்சம்தான் எடுத்தார் என்றாலும் அதே 4,60,000. சம்பளக்காரர்களுக்குக் கிடைக்கும் நிலையான கழிவும் இவருக்குக் கிடையாது. அவர் கட்டும் வருமான வரியும் எடுப்புதான். அது கடையின் வரி அல்ல, அவருடைய வரி.

"என் உழைப்புக்கு மதிப்பே இல்லையா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதைத் தனியாக ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். இதே வேலைக்கு வெளியே மாதம் 20,000 கிடைக்கும் என்றால் 2,40,000. அதைக் கழித்தால் கடை உண்மையில் சம்பாதித்தது 2,20,000. 6 லட்சம் முதலுக்கு இது போதுமா என்று யோசிக்கலாம். ஆனால் அதைக் கணக்குப் புத்தகத்தில் எழுதக் கூடாது.

வீட்டுக்கு எடுத்த சரக்கில் ஒரு விஷயம். அதை அடக்க விலையில் கொள்முதலிலிருந்து குறைக்க வேண்டும். வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.யை, விற்பனைக்குக் கட்டும் வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவாக எடுத்திருந்தால், அந்தச் சரக்குக்கு உரிய பங்கைத் திருப்ப வேண்டும். சின்னத் தொகை என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

எடுப்பை எழுதாமல் விட்டிருந்தால் எளிதில் கண்டுபிடிக்கலாம். ரொக்கப் புத்தகத்தில் கைவசம் 1,85,000 என்று இருக்கும். கல்லாவை எண்ணினால் 12,000 இருக்கும். திருட்டு நடந்ததாக நினைக்கத் தேவையில்லை, பெரும்பாலும் தினமும் நூறும் ஐந்நூறுமாக வீட்டுக்குப் போனதுதான். மாறாக, வருஷம் முழுக்க 40,000 மட்டும் எடுத்ததாக எழுதி, நான்கு பேர் உள்ள குடும்பம் அதில் வாழ்ந்ததாகக் காட்டினால் வரி அதிகாரி மீதிச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார். விடை இல்லை என்றால் அந்தத் தொகை வருமானத்தில் சேர்க்கப்படலாம்.

இதற்கு நான் சொல்லும் வழி, மாதம் ஒரே தேதியில் ஒரே தொகையைக் கடையின் வங்கிக் கணக்கிலிருந்து வீட்டுக் கணக்குக்கு மாற்றிவிடுவது. பள்ளிக் கட்டணமும் காப்பீடும் அங்கிருந்து போகட்டும். இடையில் கல்லாவிலிருந்து எடுத்தால் அன்று இரவே ஒரு வரி எழுதிவிடுங்கள். வணக்கம்.