வளைகோட்டின் வால்: அரை ஆயுட்காலத்தை வரைபடத்திலிருந்து படிப்பது

(மும்பை செம்பூரில், தமிழ் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நண்பர்களே, அணுசக்தி நகருக்குப் பக்கத்திலேயே இருக்கும் இந்தச் செம்பூரில் கதிரியக்கம் என்றால் என்ன என்று தொடங்கினால் உங்களில் பாதிப் பேர் சிரித்துவிடுவீர்கள். ஆகவே நேராக வரைபடத்தாளுக்கே வந்துவிடுகிறேன். தேர்வில் அரை ஆயுட்காலம் கேட்டால், தொடக்க மதிப்பில் பாதியை நிலைக்குத்து அச்சில் குறித்து, அங்கிருந்து வளைகோடு வரை கிடையாக ஒரு கோடு இழுத்து, அது தொடும் இடத்திலிருந்து கீழே இறங்கி நேரத்தைப் படிப்போம். முறை சரிதான். ஆனால் ஆய்வகத்தில் நாமே எண்ணி வரைந்த வளைகோட்டில் இதே முறை பொய் சொல்லும். எப்போது சொல்கிறது என்பதையும் அந்த வளைகோடே காட்டிக்கொடுக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். சீசியம்-137 சிதையும்போது பேரியம்-137எம் உண்டாகிறது. அதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 2.55 நிமிடம் என்பதால் ஒரே வகுப்பு நேரத்துக்குள் முழு வளைகோட்டையும் வரைந்துவிடலாம். சீசியத்திலிருந்து பிரித்தெடுத்த பேரியக் கரைசலைக் கைகர் எண்ணியின் அருகில் வைத்து, நிமிடத்துக்கு எத்தனை எண்ணிக்கை என்று குறித்துக்கொண்டே போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் 840, இரண்டாம் நிமிடத்தில் 505, நான்கில் 310, ஆறில் 197, எட்டில் 131, பத்தில் 93. புள்ளிகளை ஸ்கேல் வைத்து ஒவ்வொன்றாக இணைக்காமல், அவற்றின் நடுவே ஓடும் ஒரே வழவழப்பான கோட்டைக் கையால் வரைகிறோம்.

இப்போது படியுங்கள். 840 பாதியாகி 420 ஆக 2.74 நிமிடம் ஆகிறது. 420 என்பது 210 ஆக மேலும் 2.96 நிமிடம். 210 என்பது 105 ஆக மேலும் 3.54 நிமிடம். ஒரே பொருளுக்கு மூன்று அரை ஆயுட்காலங்கள், அதுவும் ஒன்றைவிட ஒன்று நீளமாக! நான் மாணவனாக இருந்தபோது இந்த மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்துச் சராசரி எழுதி, மதிப்பெண்ணை இழந்தவன். சிதைவின் விதிப்படி, வளைகோட்டில் எந்த இடத்திலிருந்து தொடங்கினாலும் பாதியாகும் நேரம் ஒன்றாகவே இருக்க வேண்டும். அது கீழே போகப்போக நீண்டால், சராசரி எடுப்பது நோயை மூடி மறைப்பதாகும்.

காரணம் பின்னணிக் கதிர்வீச்சு. சுவரிலும் மண்ணிலும் இருக்கும் இயற்கைக் கதிரியக்கத்தாலும் அண்டக் கதிர்களாலும், மேசையில் எதுவும் வைக்காதபோதே எண்ணி ஓடிக்கொண்டிருக்கும். நம் எடுத்துக்காட்டில் அது நிமிடத்துக்கு 40. தொடக்கத்தில் 840-இல் அந்த 40 பெரிதாகத் தெரியாது. 105-க்கு வரும்போதோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதுவே. பேரியம் பாதியாகும், பின்னணி பாதியாகாது. எனவே வளைகோடு சுழியை நோக்கி இறங்காமல் 40 என்ற மட்டத்தை நோக்கி இறங்குகிறது. வால் எந்த உயரத்தில் தட்டையாகிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

ஒவ்வொரு எண்ணிலிருந்தும் 40-ஐக் கழித்துவிட்டு மீண்டும் வரைவோம். 800 என்பது 400 ஆவது 2.55 நிமிடத்தில், 200 ஆவது 5.1-இல், 100 ஆவது 7.65-இல். மூன்று படிகளும் சமம். பின்னணியை மட்டும் அவசரமாக ஒரே நிமிடம் எண்ணாதீர்கள். எந்த எண்ணிக்கையும் தன் வர்க்கமூல அளவுக்கு ஊசலாடும்; 40 என்று வந்தால் அதிலேயே ஆறு கூடக் குறைய இருக்கும். பத்து நிமிடம் எண்ணிப் பத்தால் வகுத்தால் அந்த ஊசலாட்டம் இரண்டாகச் சுருங்கும்.

இன்னொன்று. முதல் பாதியை மட்டும் படித்து நிறுத்தாமல், 800-இலிருந்து 100 வரை மூன்று பாதிகளுக்கான நேரத்தை எடுத்து மூன்றால் வகுப்பது நல்லது. கோட்டைப் படிப்பதில் நேரும் பிழையும் மூன்றில் ஒன்றாகிவிடும். அப்படியானால் இன்னும் கீழே போகலாமே என்று கேட்பீர்கள். பத்தாவது நிமிடத்தில் எண்ணி காட்டுவது ஏறத்தாழ 93. அதன் வர்க்கமூலம் கிட்டத்தட்ட 10. பின்னணி போக மிஞ்சும் 53-இல் 10 என்பது ஐந்தில் ஒரு பங்கு. அந்தப் புள்ளியை மட்டும் நம்பி நேரம் படித்தால் 40 விநாடி முன்னோ பின்னோ தள்ளிவிடும்.

படிகள் வாலில் நீளாமல் தலையில் நீண்டால் அது வேறு நோய். எண்ணி ஒவ்வொரு துகளுக்குப் பிறகும் சிறிது நேரம் செயலற்றுக் கிடக்கும். மூலம் மிக வலுவாக இருந்தால் தொடக்கத்தில் பலவற்றைத் தவறவிடும். அந்த நேரம் ஒரு விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்றால், விநாடிக்கு 500 எண்ணும்போது இழப்பு ஏறத்தாழ 5 விழுக்காடு. அப்போது முதல் சில புள்ளிகளை ஒதுக்கிவிட்டு, எண்ணிக்கை தணிந்த இடத்திலிருந்து பாதியாக்கத் தொடங்குங்கள். பின்னணியைக் கழித்த பிறகும் வாலில் படிகள் நீண்டுகொண்டே போனால், பேரியத்தோடு கொஞ்சம் சீசியமும் கரைசலில் இறங்கிவிட்டதா என்று பாருங்கள். அதன் அரை ஆயுட்காலம் 30 ஆண்டு; நம் பத்து நிமிட வரைபடத்தில் அதுவும் பின்னணியைப் போலவே தட்டையாகத்தான் நிற்கும். கரைசலை அரைமணி நேரம் அப்படியே வைத்துவிட்டு மீண்டும் எண்ணுங்கள். பேரியம் ஓய்ந்த பிறகும் 40-க்கு மேல் எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவையும் சேர்த்துக் கழிக்க வேண்டும்.