இரங்கல் கடிதத்தில் மருத்துவர் எழுத வேண்டிய வரி

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, என் ஆசிரியரும் இன்று முன்வரிசையில் அமர்ந்து என்னைத் திருத்தக் காத்திருப்பவருமான பேராசிரியர் அவர்களே, வார்டை உண்மையில் நடத்திவரும் செவிலியர் கண்காணிப்பாளர் அம்மையார் அவர்களே, இளம் மருத்துவர்களே, அனைவருக்கும் வணக்கம். முன்னால் பேசியவர் எனக்காகத் தம் நேரத்தில் பாதியை விட்டுக்கொடுத்தார். அந்தப் பெருந்தன்மைக்குத் தனியே நன்றி.

நோயாளி இறந்தபின் சிகிச்சை அளித்த மருத்துவர் குடும்பத்துக்கு எழுதும் கடிதத்தைப் பற்றி மூன்று செய்திகள் சொல்வதாக உள்ளேன்: நோயைப் பற்றிய உண்மை, அன்பு, கடிதத்தின் நீளம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இரங்கலில் பூசணிக்காய் எதற்கு என்று பேராசிரியர் முகம் சுளிப்பது தெரிகிறது. ஆனாலும் நம் கடிதங்களில் பெரும்பாலானவை அந்த வேலையைத்தான் செய்கின்றன. ‘எதிர்பாராத மறைவு’ என்று எழுதுகிறோம். மாதக்கணக்கில் நாம் எதிர்பார்த்திருந்த மறைவு அது.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். கணையப் புற்றுநோயோடு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எங்கள் வார்டில் இருந்தார். தலைமாட்டில் மாட்டியிருந்த அட்டையில் ‘வயிற்று வலி’ என்பதில் ஒற்று விடுபட்டிருந்ததாம். பயிற்சி மருத்துவரின் பேனாவையே கேட்டு வாங்கி, எழுந்து உட்கார முடியாத நிலையிலும் அந்த ‘ற்’றைச் சேர்த்துவிட்டு, “வலி என்னுடையது, பிழை உங்களுடையது” என்றார். மறுநாள் முதல் அந்த இளைஞர் எழுதிய குறிப்புகளையெல்லாம் அவரிடம் காட்டிவிட்டே கோப்பில் வைத்தார். செவிலியர்களும் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் சந்தேகம் கேட்க ஆரம்பித்தார்கள். அவர் இறந்தபின் கடிதம் எழுதும் பொறுப்பு அதே இளைஞருக்கு வந்தது. முதல் வரைவில் பேனா இல்லை, ஒற்று இல்லை. ‘ஆழ்ந்த அனுதாபங்கள்’ மட்டும் இருந்தது. அதை அடித்துவிட்டு, அட்டை திருத்திய கதையை எழுதச் சொன்னேன். அன்பு என்ற என் இரண்டாம் செய்தி அவ்வளவுதான்: அந்த மனிதரை நாம் பார்த்தோம் என்பதற்கு ஒரு சான்று.

உண்மைக்கு வருகிறேன். அவருடைய மனைவி எங்களிடம் கேட்காமல் மனத்துக்குள் வைத்திருந்த கேள்வி, “முதுகுவலி என்றபோதே கூட்டி வந்திருந்தால்?” என்பது. ‘முன்பே வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது’ என்று இளைஞர் எழுதியிருந்தார். இரக்கத்தால் எழுதியதுதான், ஆனால் உண்மையன்று. வெகு ஆரம்பத்தில் தெரியவந்தால் கணையக் கட்டியைச் சிலருக்கு அறுவை செய்து அகற்ற முடியும் என்பதை யாரும் எளிதில் படித்துத் தெரிந்துகொள்ளலாம். முழுப் பூசணிக்காய்! நாங்கள் மாற்றி எழுதியது இது:

“கணையம் இரைப்பைக்குப் பின்னால் ஆழத்தில் இருப்பதால், அங்கே வளரும் கட்டி நெடுநாள் வெளியே தெரிவதில்லை. முதுகுவலிக்குக் காரணங்கள் பல. அதைக் கேட்டவுடன் நாங்களும் முதலில் இந்த நோயை நினைத்திருக்க மாட்டோம். மஞ்சள் காமாலை தெரிந்து இங்கு வந்தபோது நோய் ஈரலுக்குப் பரவியிருந்தது. நாங்கள் கொடுத்த மருந்து நோயின் வேகத்தைச் சில மாதங்கள் தணித்தது. குணப்படுத்தாது என்பதை அவரும் அறிந்திருந்தார். கடைசி இரவில் கேட்ட கரகரப்பு, நினைவிழந்த நிலையில் தொண்டையில் தேங்கிய நீரால் வந்தது; அது அவருக்கு வேதனை தந்திருக்காது என்றே நம்புகிறோம். மார்ஃபின் ஊசியை வலியின் அளவு பார்த்துக் கொடுத்தோம். அவர் இறந்தது நோயால்.”

கடைசி வரியைச் சிலர் வேண்டாம் என்பார்கள். ஊசி போட்டதும் மூச்சு நின்றதைக் கண்ணால் பார்த்த குடும்பம் அந்தச் சந்தேகத்தை யாரிடமும் சொல்லாது, ஆனால் சுமக்கும். கோப்பில் உள்ள அளவுகளைச் சரிபார்த்த பின்னரே அப்படி எழுத வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடிதம் எல்லாத் துயரையும் ஆற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. பிரான்சில் 22 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இதைச் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். இரங்கல் கடிதம் பெற்ற உறவினரின் துயரம் குறையவில்லை. ஆறு மாதம் கழித்துப் பார்க்கையில் மனச்சோர்வின் அறிகுறிகள் அவர்களிடம் கூடுதலாகவே இருந்தன. இதைக் காட்டிக் கடிதத்தையே கைவிடலாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காயத்தைத் திறந்துவிட்டு, பேச ஆள் இல்லாமல் விடுவதுதான் கோளாறு என்பது என் கருத்து. ஆகவேதான் நான் போகும் மேடையிலெல்லாம் கேட்பதை இங்கும் கேட்கிறேன்: இறந்தோர் குடும்பத்தினர் சிகிச்சை அளித்த மருத்துவரைச் சந்திக்க வாரத்தில் ஒரு மணி நேரம், புறநோயாளிப் பட்டியலிலேயே ஒதுக்கப்பட வேண்டும். கட்டணம் கூடாது, சீட்டும் கூடாது.

நீளத்தைப் பற்றிப் பேச மணி அடித்துவிட்டது. தலைவர் அவர்களே, அந்த ஒரு மணி நேரத்துக்கான விண்ணப்பம் போன கூட்டத்திலிருந்து தங்கள் மேசையில் இருக்கிறது. கையெழுத்தானால், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வரலாம் என்று இந்த வாரக் கடிதங்களிலேயே எழுதிவிடுவோம். வணக்கம்.