கார்ட்டில் நின்றுபோன குத்துவிளக்கும் நான் அனுப்பும் மெயிலும்

வணக்கம். கும்பகோணத்திலிருந்து பேசுகிறேன். பின்னால் பித்தளை தட்டுகிற மாதிரி சத்தம் கேட்டால் கண்டுகொள்ளாதீர்கள், பேக்கிங் நடக்கிறது. கார்த்திகை வருகிறது இல்லையா, நாச்சியார்கோவில் விளக்குக்கு இதுதான் சீசன்.

இதோ பாருங்கள், இது அன்ன விளக்கு. அடிப்பாகம், தண்டு, எண்ணெய் ஊற்றுகிற தட்டு, மேலே அன்னம் வைத்த பிரபை என்று நான்கு பாகம், எல்லாம் மரை திருகி மாட்டுவது. தூக்கிப் பார்த்தால்தான் கனம் தெரியும், போட்டோவில் தெரியாது. அதனால்தான் எங்கள் ஆன்லைன் கடையில் விளக்கை கார்ட்டில் போட்டு, முகவரி, ஈமெயில் எல்லாம் கொடுத்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் கூரியர் கட்டணத்தைப் பார்த்ததும் நிறைய பேர் நின்றுவிடுகிறார்கள்.

போன வருஷம் நான் அவர்களுக்கு இரண்டே நாளில் மூன்று மெயில் போகிற மாதிரி வைத்திருந்தேன். "மறந்துவிட்டீர்களா?", "சீக்கிரம்!", "கடைசி வாய்ப்பு!" மன்னார்குடியிலிருந்து ஒரு அம்மா பதில் போட்டார்: "தம்பி, நான் மறக்கவில்லை. கூரியருக்கு 280 ரூபாய் ஏன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கடனைத் திருப்பிக் கேட்கிற மாதிரி வந்து நிற்கிறீர்கள்." அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கமே வரவில்லை, ஏனென்றால் அவர் கேட்டது நியாயமான கேள்வி, மூன்று மெயிலில் ஒன்றில்கூட அதற்குப் பதில் இல்லை.

அந்த மூன்றையும் தூக்கிவிட்டு எழுதினதுதான் இப்போது போவது. படிக்கிறேன், கேளுங்கள். சப்ஜெக்ட் வரி: "நீங்கள் பார்த்த ஒன்றரை அடி அன்ன விளக்கு". அவ்வளவுதான், ஆச்சரியக்குறி கிடையாது. உள்ளே:

"வணக்கம். இந்த விளக்கை கார்ட்டில் வைத்திருந்தீர்கள். பித்தளை கனம் என்பதால் கூரியர் 280 ரூபாய் ஆகிறது. நான்கு பாகமாகக் கழற்றி, தனித்தனியாகச் சுற்றி அனுப்புகிறோம், அடிபட்டு வந்தால் மாற்றித் தருவோம். கார்த்திகைக்கு முன் கைக்கு வர வேண்டுமானால் வரும் வெள்ளிக்குள் ஆர்டர் செய்தால் போதும். ஏதாவது கேட்க வேண்டுமா, இந்த மெயிலுக்கே பதில் போடுங்கள்."

கீழே விளக்கின் படம், அதே கார்ட்டைத் திறக்கிற ஒரு பட்டன். முதலில் "உங்களுக்காக எடுத்து வைத்திருக்கிறோம்" என்றும் எழுதியிருந்தேன், அப்புறம் அடித்துவிட்டேன். கார்ட்டில் போட்டதற்காக நாம் சரக்கைத் தனியாக ஒதுக்கி வைப்பதில்லை, வேறொருவர் வாங்கிவிட்டால் அது பொய்யாகிவிடும். வெள்ளிக்கிழமை என்பது மட்டும் நிஜம், கூரியர்காரரிடம் கேட்டு, ஒரு நாள் முன்னதாகவே வைத்துச் சொல்வது.

எப்போது அனுப்புவது? கார்ட்டை விட்டு நான்கு மணி நேரம் கழித்து ஒன்று, ராத்திரி ஒன்பதைத் தாண்டினால் மறுநாள் காலை. அப்புறம் அந்த வெள்ளிக்கு முதல் நாள் இரண்டே வரியில் இன்னொன்று, அதோடு சரி. வெள்ளி போனதும் மொத்தத்தையும் கையாலேயே நிறுத்திவிடுகிறேன். விளக்கு கார்த்திகைக்குப் போய்ச் சேராது என்று தெரிந்த பிறகும் மெயில் தானாகப் போய்க்கொண்டிருந்தால், படிக்கிறவருக்கு எரிச்சல்தான் வரும்.

இதில் இரண்டு இடத்தில் கவனமாக இருங்கள். ஒன்று, நம்ம பக்கத்தில் பாதிப்பேர் கார்ட்டில் போட்டுவிட்டு போன் போட்டு ஆர்டர் சொல்லிவிடுவார்கள், இல்லையென்றால் வாட்ஸ்அப்பில். அது சாப்ட்வேருக்குத் தெரியாது. அதனால் போனில் எடுத்த ஆர்டரையும் அதே ஈமெயிலில் உடனே பதிந்துவிடுகிறேன், மெயில் நின்றுவிடும். இன்னொன்று யுபிஐ. பணம் வங்கியில் கழிந்து, ஆர்டர் மட்டும் விழாமல் தொங்கும். பணத்தைப் பறிகொடுத்த பதற்றத்தில் இருப்பவருக்கு "கார்ட்டில் விளக்கு இருக்கிறது" என்று மெயில் போனால் எப்படி இருக்கும்? பேமென்ட் பக்கத்தில் பெண்டிங் என்று காட்டுகிறவர்களை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, நானே போனில் பேசுகிறேன்.

தள்ளுபடி கூப்பன் ஏன் இல்லை என்று கமெண்டில் கேட்டிருந்தீர்கள். முதல் மெயிலிலேயே கூப்பன் கொடுத்தால், அடுத்த பண்டிகைக்கு அதற்காகவே கார்ட்டில் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள், முழு விலை கொடுத்தவருக்கும் அது அநியாயம். கூரியர் கட்டணத்தைப் பொருள் பக்கத்திலேயே, விலைக்குக் கீழேயே எழுதிவிட்டேன். பாதிப் பிரச்சினை அங்கேதான் இருந்தது.

மெயிலால்தான் விற்கிறதா என்று பார்க்க, பத்து கார்ட்டில் இரண்டுக்கு மெயிலே அனுப்பாமல் விடுகிறேன், ஏனென்றால் சிலர் தாங்களாகவே திரும்பி வந்து வாங்குவார்கள், அதையும் நம் கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது. எங்கள் மாதிரிச் சின்னக் கடைக்கு ஒரு சீசன் கணக்கு போதாது, அடுத்த கார்த்திகை வரைக்கும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்வேன்.

மன்னார்குடி அம்மாவுக்கு இந்த வருஷமும் ஒரு மெயில் போயிற்று. இன்று காலை பதில் வந்திருக்கிறது: "தட்டில் எத்தனை முகம், என்ன கனத்தில் திரி போடலாம்?" ஐந்து முகம். திரி எவ்வளவு கனம் என்று பட்டறையில் கேட்டுவிட்டு இப்போது எழுதப்போகிறேன்.