கருவாட்டில் ஏறும் சிவப்பு

நேயர்களுக்கு வணக்கம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் நாகப்பட்டினம், தரங்கம்பாடி, பழையாறு பக்கம் கருவாடு இருப்பு வைத்திருப்பவர்களுக்குக் கவலையும் கூடவே வந்துவிடும். சித்திரையில் நன்றாக உப்புப் போட்டுக் காயவைத்த சீலாக் கருவாடாக இருக்கும். மூட்டையைப் பிரித்தால் மேலே இளஞ்சிவப்பாக ஒரு படலம் ஓடியிருக்கும். தொட்டால் பிசுபிசுக்கும். "உப்பு பத்தலை, இன்னும் ரெண்டு கை அள்ளிப் போடு" என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் யோசனை. அந்த யோசனை ஏன் பலிக்காது என்பதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

ஒரு பொருளில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது வேறு, அந்தத் தண்ணீர் கிருமிக்குக் கிடைக்கிறதா என்பது வேறு. வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடினாலும் மதகு அடைத்திருந்தால் வயலுக்கு வராது அல்லவா? உப்பு கரைந்த நீரும் அப்படித்தான். உப்பின் துகள்கள் நீரைத் தம்மோடு பிடித்து வைத்துக்கொள்கின்றன. பிடிபடாமல் எஞ்சுகிற அளவை நீர்ச் செயல்பாடு என்கிறோம். சுத்தமான தண்ணீருக்கு அது 1. கடல்நீருக்கு 0.98. இனி ஒரு கல் உப்பும் கரையாது என்ற நிலையில் இருக்கும் உப்புநீருக்கு 0.75.

மீனை அழுகவைக்கும் சாதாரண பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை 0.91க்குக் கீழே பெருகுவதில்லை. காரணம் சவ்வூடு பரவல். கிருமியின் உடலுக்குள் இருக்கும் தண்ணீர் அதன் மெல்லிய சவ்வைத் தாண்டி வெளியே இருக்கும் உப்பை நோக்கிப் போய்விடும். கிருமி உள்ளுக்குள் சுருங்கி முடங்கிவிடும். உப்புக்கு ஓரளவு தாக்குப்பிடிக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் 0.86 வரை வரும். 0.75இல் அதுவும் நின்றுவிடும்.

இப்போது கணக்குக்கு வருவோம். சுத்தம் செய்த ஒரு கிலோ மீனில் ஏறக்குறைய 750 கிராம் தண்ணீர். 100 கிராம் தண்ணீரில் சுமார் 36 கிராம் உப்புதான் கரையும். ஆகவே அந்த மீனில் உள்ள தண்ணீர் முழுவதும் உப்பேறி நிறைய 270 கிராம் உப்பு வேண்டும். மூன்று நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்று நம் கடற்கரையில் போடுகிற அளவு இதற்குச் சரியாகப் பொருந்துகிறது. அதற்கு மேல் அரைக் கிலோ போட்டாலும் ஒரு கிலோ போட்டாலும் உப்பு கல்லாகவே கிடக்கும், கரையாது. நீர்ச் செயல்பாடு 0.75இலேயே நிற்கும். உப்பை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் கோட்டைத் தாண்டிக் கீழே போக முடியாது.

சிவப்புக்குக் காரணமான உயிர்கள் சரியாக அந்தக் கோட்டின் மேல்தான் வாழ்கின்றன. ஹாலோபாக்டீரியமும் அதன் உறவுகளும் அவை. பெயரில் பாக்டீரியா என்று இருந்தாலும் ஆர்க்கியா என்னும் தனி இனத்தைச் சேர்ந்தவை. வெளியே உப்பு அழுத்துகிறதா, உள்ளேயும் உப்பை நிரப்பிக்கொள்வோம் என்பது இவற்றின் வழி. உள்ளே சேர்ப்பது சாப்பாட்டு உப்பல்ல, பொட்டாசியம் குளோரைடு. வெளியே இருக்கும் செறிவுக்கு ஈடாக உள்ளேயும் செறிவு இருப்பதால் தண்ணீர் வெளியேறுவதில்லை. சாதாரண உயிரின் புரதங்கள் இவ்வளவு உப்பில் திரண்டு செயலிழந்துவிடும். இவற்றின் புரதங்களோ மேற்பரப்பு முழுவதும் எதிர்மின்னூட்டம் கொண்டவை, உப்பு இருந்தால்தான் வடிவம் கலையாமல் நிற்கும்.

அதனால் இவற்றுக்கு நல்ல தண்ணீர்தான் எமன். நுண்ணோக்கியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சிவந்த கருவாட்டைச் சுரண்டி, நிறைந்த உப்புநீரில் ஒரு சொட்டு கலந்து கண்ணாடித் தகட்டில் வைத்தால் சின்னச் சின்னக் குச்சிகள் நெளிந்துகொண்டிருக்கும். மேல் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு துளி நல்ல தண்ணீரை விட வேண்டும். அது பரவ வரும்போது ஓரத்துக் குச்சிகள் முதலில் உருண்டையாகின்றன. பிறகு உருண்டைகள் ஒவ்வொன்றாக வெடித்துக் காணாமல் போகின்றன. மாணவர்களுக்கு எத்தனை முறை காட்டினாலும் நானும் குனிந்து பார்க்காமல் இருந்ததில்லை.

இவை கருவாட்டுக்கு எங்கிருந்து வருகின்றன? உப்பிலிருந்தேதான். வேதாரண்யம், அகஸ்தியம்பள்ளி உப்பளங்களில் கோடை உச்சத்தில் கடைசிப் பாத்தியைப் பாருங்கள். உப்பு விளையும் அந்தப் பாத்தியில் தண்ணீர் செம்மண் கரைத்தது போல இருக்கும். நிறம் மண்ணுடையதல்ல, கோடிக்கணக்கான ஹாலோபாக்டீரியங்களுடையது. அந்தச் சிவப்பு நிறமி கொளுத்துகிற வெயிலிலிருந்து அவற்றைக் காக்கிறது. கூடவே துனாலியெல்லா என்ற பாசியும் உண்டு. அது உப்பை உள்ளே விடாது, கிளிசராலைத் தானே தயாரித்து நிரப்பிக்கொண்டு சவ்வூடு அழுத்தத்தைச் சமாளிக்கும். பாசியிலிருந்து கசியும் கிளிசரால் ஹாலோபாக்டீரியத்துக்குத் தீனி. உப்பு கல்லாகத் திரளும்போது கல்லுக்குள் துளித்துளியாக உப்புநீர் சிறைப்படும், அதற்குள் இவையும் உயிரோடு அகப்பட்டுக்கொள்ளும். அந்தக் கல்லுப்பை அள்ளி மீன்மேல் போடும்போது விதையையும் சேர்த்துத்தான் போடுகிறோம். மேற்கொண்டு இரண்டு கை போட்டால் விதைப்புதான் கூடும்.

அப்படியென்றால் எல்லாக் கருவாடும் ஏன் சிவப்பதில்லை? வெயிலில் நன்றாகக் காய்ந்தால், உப்பு செய்ய முடியாததைக் காய்ச்சல் செய்துவிடுகிறது. எஞ்சிய தண்ணீரும் போய், நீர்ச் செயல்பாடு 0.75க்குக் கீழே இறங்கிவிடும். ஹாலோபாக்டீரியம் சாகாது, ஆனால் பெருகாமல் கிடக்கும். ஐப்பசியில்தான் கதை மாறுகிறது. நீர்ச் செயல்பாடு 0.75 என்பதும் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் என்பதும் ஒரே கோடு. காற்றில் ஈரம் அதற்கு மேல் போனால் உப்பு காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கருவாட்டின் மேல்தோலில் மெல்லிய உப்புநீர்ப் படலம் உருவாகும். ஹாலோபாக்டீரியத்துக்கு அது ஒரு குட்டிப் பாத்தி. காற்றும் கதகதப்பும் இருந்தால் ஒரு வாரம் பத்து நாளில் சிவப்பு கண்ணுக்குத் தெரியும்.

கசியும் உப்பு இதை இன்னும் மோசமாக்கும். பாத்தியில் கடைசியாக எஞ்சும் கசப்புநீரில் மக்னீசியம் குளோரைடு அதிகம். அது 33 சதவீத ஈரத்திலேயே தண்ணீரை இழுக்கும். கசப்புநீர் சரியாக வடியாத புது உப்பு எந்தக் காலத்திலும் நசநசவென்றே இருக்கும். அம்பாரம் போட்டு வடியவிட்ட உப்பைத் தேடி வாங்குவது அதனால் நல்லது. வாணலியில் நன்றாகச் சூடேற வறுத்துப் போட்டால் விதையும் பெருமளவு அழியும்.

உப்பைக் குறைத்துப் போடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. குறைத்தால் சிவப்பு வராமல் போகலாம், ஆனால் 0.86க்கு மேலே நிற்கும் மீனில் நஞ்சு உண்டாக்கும் கிருமிகளுக்கு இடம் கிடைத்துவிடும். அது இதைவிடப் பெரிய ஆபத்து. அந்தக் கணக்கில் கை வைக்க வேண்டாம்.

காய்ந்த கருவாட்டை மழைக்கு முன்பே காற்றுப் புகாத டப்பாவிலோ தடித்த பாலித்தீன் உறையிலோ இறுக்கிக் கட்டி வையுங்கள். சாக்குப் பை ஈரத்தைத் தடுக்காது. குளிர்சாதனப் பெட்டி இருந்தால் இன்னும் நல்லது, அந்தக் குளிரில் சிவப்பு வளராது என்றே சொல்லலாம். லேசாக நிறம் மாறி, சதை கெட்டியாக, வாடை மாறாமல் இருந்தால் நல்ல தண்ணீரில் கழுவி மறுபடி சுள்ளென்று காயவைத்து, சீக்கிரம் சமைத்துவிடலாம். அந்த நிறமியால் கெடுதல் இல்லை. ஆனால் சதை மெத்தென்றாகி, பிசுபிசுத்து, அழுகல் வாடை அடித்தால் புரதம் சிதைந்துவிட்டது என்று பொருள். சூரை, வஞ்சிரம் போன்ற மீன்களில் அப்போது ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேர்ந்திருக்கலாம். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது. அதைக் குழம்பில் போடாமல் கொட்டிவிடுங்கள். நன்றி, வணக்கம்.