பத்துக்கு ஒன்று புரோப்: நுனியில் தொங்கும் சுமை

வணக்கம் நேயர்களே. ஒஸிலோஸ்கோப்போடு வரும் புரோப்பின் பிடியில் சின்னதாக ஒரு சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் பத்து. பத்துப் பக்கத்தில் பத்து மெகா ஓம் என்றும் அச்சிட்டிருப்பார்கள். பல பேர் அதை வாசித்துவிட்டு, "பத்து மெகா ஓம்தானே, சுற்றுக்கு ஒரு சுமையும் இராது" என்று நம்பிவிடுகிறார்கள். அந்தப் பத்து மெகா ஓம் எந்த மீடிறன் வரைக்கும் உண்மை, அதற்கு மேலே என்ன நடக்கிறது, அதை நாமே எப்படி அளந்து பார்ப்பது என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். யாழ்ப்பாணத்திலே திருத்தும் கடை வைத்திருப்பவர்களுக்கும், தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் இது பயன்படும். கையில் பேனை இருந்தால் இரண்டு மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஸ்கோப்பின் உள்ளீட்டில் ஒரு மெகா ஓம் தடை இருக்கிறது. அதற்குச் சமாந்தரமாக ஒரு சிறிய கொள்ளளவம் இருக்கும். அதன் அளவு ஸ்கோப்புக்கு ஸ்கோப் மாறும், உள்ளீட்டுச் சொக்கெட்டின் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். நம் கணக்குக்கு அதை இருபது பிக்கோபரட் என்று வைப்போம். புரோப்பின் கேபிளும், திருப்பிச் சரிசெய்யும் சிறு கொள்ளளவியான ட்ரிம்மரும் சேர்ந்து இன்னொரு நூறு பிக்கோபரட். ஆக ஸ்கோப் பக்கத்தில் மொத்தம் நூற்றிருபது. நுனிப் பக்கத்தில் ஒன்பது மெகா ஓம் தடையி ஒன்று, அதற்குச் சமாந்தரமாகச் சின்ன ஒரு கொள்ளளவி. ஒன்பதும் ஒன்றும் பத்து, அதில் ஒரு பங்குதான் ஸ்கோப்புக்குப் போகிறது. பத்துக்கு ஒன்று என்ற கணக்கு அங்கேதான் வருகிறது.

தடையைச் சரிபார்ப்பது சுலபம். புரோப்பை ஸ்கோப்பிலிருந்து கழற்றி, இருபது மெகா ஓம் வரை அளக்கக்கூடிய மல்ரிமீற்றரால் நுனிக்கும், ஸ்கோப்பில் மாட்டும் பி.என்.சி. முனையின் நடு ஊசிக்கும் இடையே அளந்தால், ஒன்பது மெகா ஓம் காட்ட வேண்டும். விரல் இரண்டு பக்கமும் படக்கூடாது, உடம்பின் தடை கணக்கைக் கெடுத்துவிடும். ஸ்கோப்போடு சேர்த்து அளக்க வேண்டுமென்றால் ஒன்பது வோல்ட் பற்றரி ஒன்றை எடுத்து, அதனோடு தொடராகப் பத்து மெகா ஓம் தடையி ஒன்றைப் போட்டு, தடையியின் மறுமுனையைப் புரோப்பால் தொடுங்கள். திரையில் பற்றரியின் அழுத்தத்தில் பாதி, அதாவது நாலரை வோல்ட் தெரியும். பாதி என்றால் புரோப்பின் தடையும் நீங்கள் போட்ட தடையியும் சமம். இவ்வளவு உயர்ந்த தடையில் ஐம்பது ஹேர்ட்ஸ் இரைச்சல் ஏறும், கோடு தடித்துத் தெரியும். அதன் சராசரியை வாசித்தால் போதும்.

கொள்ளளவம்தான் சுவையான பகுதி. ஸ்கோப்பின் முகப்பிலே புரோப்பைச் சரிசெய்வதற்கென்று ஒரு கிலோ ஹேர்ட்ஸ் சதுர அலை தரும் முனை ஒன்று இருக்கும். முதலில் அதைப் புரோப்பால் நேராகத் தொட்டு, அலை ஏறும் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து வீதத்திலிருந்து தொண்ணூறு வீதம் வரை ஏறும் நேரம். பிறகு அந்த முனையில் ஒரு லட்சம் ஓம், அதாவது நூறு கிலோ ஓம் தடையி ஒன்றைக் குட்டையாக வெட்டிய கால்களோடு பொருத்தி, மறுமுனையைத் தொடுங்கள். இப்போது அலையின் விளிம்பு சாய்ந்து ஏறும். அந்த நேரம் இரண்டு தசம் ஆறு மைக்ரோ செக்கன் என்று வைத்துக்கொள்வோம்.

ஏறும் நேரம் என்பது நேர மாறிலியின் இரண்டு தசம் இரண்டு மடங்கு. நேர மாறிலி என்பது தடையையும் கொள்ளளவத்தையும் பெருக்கி வருவது. ஆக ஏறும் நேரத்தை இரண்டு தசம் இரண்டால் வகுத்து, பிறகு தடையால் வகுக்க வேண்டும். இதில் ஒரு வசதி இருக்கிறது: மைக்ரோ செக்கனை மெகா ஓமால் வகுத்தால் விடை நேரடியாகப் பிக்கோபரட்டில் வந்துவிடும், பூச்சியங்களை எண்ணத் தேவையில்லை. இரண்டு தசம் ஆறை இரண்டு தசம் இரண்டால் வகுத்து, தசம் ஒன்று மெகா ஓமால் வகுத்தால் கிட்டத்தட்டப் பன்னிரண்டு பிக்கோபரட். தடையி இல்லாமல் நேராகத் தொட்டபோதே ஒரு மைக்ரோ செக்கன் அளவு ஏறும் நேரம் இருந்திருந்தால் இந்தக் கணக்கு தவறும். அப்போது ஒரு மெகா ஓம் தடையி போட்டுப் பாருங்கள். ஆனால் அது புரோப்பின் பத்து மெகா ஓமோடு சமாந்தரமாக நிற்கும் என்பதால், கணக்கில் தசம் ஒன்பது மெகா ஓம் என்று எடுக்க வேண்டும்.

அதே நூறு கிலோ ஓமோடு சுவிட்சை ஒன்றுக்குத் தள்ளிப் பாருங்கள். ஏறும் நேரம் இருபத்துநாலு மைக்ரோ செக்கனை எட்டும், அலையின் உயரமும் பதினொன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஒன்றில் கேபிளின் முழுக் கொள்ளளவமும் சுற்றின் மேலே நேராக ஏறுகிறது, நூற்றிருபது பிக்கோபரட்டும் அப்படியே. பத்தில் நுனிக் கொள்ளளவி தொடராக நிற்பதால் அது பத்தில் ஒன்றாகிவிடுகிறது. பத்து மடங்கு சிறிய அலையைக் கொடுத்து பத்து மடங்கு சிறிய சுமையை வாங்குகிறோம்.

சரி, பன்னிரண்டு பிக்கோபரட் பெரிய விஷயமா? ஆடலோட்டத்துக்குக் கொள்ளளவி காட்டும் எதிர்ப்பு மீடிறன் ஏற ஏறக் குறையும். பன்னிரண்டு பிக்கோபரட்டின் எதிர்ப்பு, ஏறக்குறைய ஆயிரத்து முந்நூறு ஹேர்ட்ஸிலேயே பத்து மெகா ஓமுக்குச் சமமாகிவிடுகிறது. அதற்கு மேலே, பிடியில் அச்சிட்ட எண்ணை மறந்துவிடலாம். பத்து மெகா ஹேர்ட்ஸில் அதே புரோப் ஆயிரத்து முந்நூறு ஓம் அளவுக்குத்தான் எதிர்ப்புக் காட்டும். மணிக்கூட்டுக் குவார்ட்ஸ் படிகம், அந்த முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தெட்டு ஹேர்ட்ஸ் படிகம், பெரும்பாலும் ஏழு முதல் பன்னிரண்டரை பிக்கோபரட் சுமைக்குத்தான் செய்யப்படுகிறது. அதன் காலிலே புரோப்பை வைத்தால் சுமை கணிசமாக ஏறலாம், அலைவு நின்றே போகலாம். படிகம் பழுது என்று தூக்கியெறியும் முன், புரோப்பை எடுத்தபின் மணிக்கூடு ஓடுகிறதா என்று பாருங்கள். அலைவை அந்தக் காலில் பார்க்காமல், மீடிறன் பிரிக்கப்பட்டு வெளியேறும் முனையிலோ, சில்லின் இடையக வெளியீட்டிலோ பார்ப்பதுதான் நல்லது.

இனி ட்ரிம்மர். புரோப்பில் இரண்டு பங்கீடுகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. மெதுவான அலைகளைத் தடையிகள் பங்கிடுகின்றன, ஒன்பதுக்கு ஒன்று. வேகமான விளிம்புகளைக் கொள்ளளவிகள் பங்கிடுகின்றன. இரண்டும் ஒரே பங்கைத் தந்தால்தான் அலை உருவம் மாறாது. அதற்கான நிபந்தனை: ஒன்பது மெகா ஓம் பெருக்கல் நுனிக் கொள்ளளவம், ஒரு மெகா ஓம் பெருக்கல் ஸ்கோப் பக்கக் கொள்ளளவத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். நம் உதாரணத்தில் ஸ்கோப் பக்கம் நூற்றிருபது. அதை ஒன்பதால் வகுத்தால் பதின்மூன்று தசம் மூன்று பிக்கோபரட், அதுதான் நுனிக்குத் தேவை. இந்த இரண்டும் தொடராக நின்றால் பன்னிரண்டு. நாம் அளந்ததும் பன்னிரண்டுதான்.

இப்போது இந்தப் புரோப்பை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடை ஸ்கோப்பில் பொருத்துகிறீர்கள் என்று வைப்போம். அதன் உள்ளீடு இருபது அல்ல, பதின்மூன்று பிக்கோபரட். ஸ்கோப் பக்கம் நூற்றுப் பதின்மூன்றாகக் குறைந்துவிட்டது. கொள்ளளவிகளின் பங்கு பத்தில் ஒன்றுக்குச் சற்று மேலே போய், சதுர அலையின் விளிம்பு ஐந்தரை வீதம் அதிகமாக எகிறி, பிறகு நூறு மைக்ரோ செக்கனுக்குச் சற்று மேற்பட்ட நேர மாறிலியோடு மெல்ல இறங்கும். ஒரு கிலோ ஹேர்ட்ஸ் அலையைத் தேர்ந்ததன் காரணம் இங்கேதான் இருக்கிறது: அதன் அரைச் சுற்று ஐந்நூறு மைக்ரோ செக்கன், அந்த இறக்கம் முழுவதும் திரையில் தெரிய அது போதும். இப்படி எகிறினால் மிகை ஈடு என்கிறோம். மறுபக்கம் உள்ளீடு இருபத்தைந்து பிக்கோபரட் உள்ள ஸ்கோப்பில் மாட்டினால் விளிம்பு மூன்றரை வீதம் அளவுக்குக் குறைவாக ஏறி, மூலை உருண்டு, பிறகு மெல்ல மேலே வரும். அது குறை ஈடு.

இதில் கவனிக்க ஒரு விஷயம் உண்டு. அந்தப் பக்கத்துக் கடை ஸ்கோப்பில் ஒரு மெகா ஹேர்ட்ஸ் சைன் அலையைப் பார்த்தால் உருவம் கெடாது, உருண்டையாகவே இருக்கும், ஆனால் வாசிப்பு ஐந்தரை வீதம் கூடுதலாக இருக்கும். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சதுர அலை மட்டும்தான் குட்டை உடைக்கும். புரோப்பை வேறு ஸ்கோப்புக்கோ, வேறு சனலுக்கோ மாற்றும்போதெல்லாம் ஒருமுறை பார்க்கச் சொல்வது அதனால்தான்.

திருப்பும்போது உலோக ஸ்குரூ ட்ரைவர் வேண்டாம். அது படும்போது அதன் கொள்ளளவமும் சேரும், எடுத்தவுடன் சரிசெய்ததும் மாறிவிடும். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் குச்சிதான் அதற்கு. மேல்தட்டு நேராகக் கிடக்கும் வரை மெல்லத் திருப்புங்கள். ட்ரிம்மர் சில புரோப்களில் பி.என்.சி. பக்கத்திலும், சிலவற்றில் பிடியிலும் இருக்கும். பி.என்.சி. பக்கத்தில் இருப்பது ஸ்கோப் பக்கக் கொள்ளளவத்தை மாற்றுகிறது, பிடியில் இருப்பது நுனியை. திருப்பும் திசை இரண்டுக்கும் எதிர் எதிராக இருக்கலாம், திரையைப் பார்த்தே திருப்புங்கள்.

எவ்வளவு திருப்பியும் நேராகவில்லையென்றால் அந்தப் புரோப் அந்த ஸ்கோப்புக்குரியது அல்ல. எத்தனை பிக்கோபரட் முதல் எத்தனை வரை ஈடுசெய்யும் என்று புரோப்போடு வரும் தாளில் இருக்கும், ஸ்கோப்பின் எண் அதற்குள் விழ வேண்டும். ஸ்கோப்பில் உள்ளீட்டை ஐம்பது ஓமுக்கு மாற்றி வைத்திருந்தாலும் இந்தப் பங்கீடு அறவே நடக்காது, திரையில் கிட்டத்தட்ட ஒன்றுமே வராது.

ட்ரிம்மரால் சரிப்படுத்த முடியாத இன்னொன்று, நிலத்தொடுப்பு வயரின் ஆட்டம். பதினைந்து சென்ரிமீற்றர் நீள முதலைக் கிளிப் வயர், ஏறக்குறைய நூற்றைம்பது நனோ ஹென்றி தூண்டல் கொண்டது. அது புரோப்பின் பன்னிரண்டு பிக்கோபரட்டோடு சேர்ந்து நூற்றிருபது மெகா ஹேர்ட்ஸ் அளவில் அதிரும். வேகமான விளிம்பின் பின்னே அந்த அதிர்வு வால்போலத் தெரிந்தால், சுற்றில் பிழை தேடும் முன் வயரைக் கழற்றிவிட்டு, நுனியோடு வரும் குட்டை ஸ்பிரிங்கை நிலத்தில் தொட்டுப் பாருங்கள். வால் குறைந்தால் அது உங்கள் வயரின் வேலை.

கடைசியாக ஒன்று. கேபிள் அறுந்துபோனால் தொலைக்காட்சி அன்ரனாக் கேபிளை வைத்துப் பற்றாசு பிடிக்க வேண்டாம். புரோப்பின் நடு வயர் செம்பு அல்ல, வேண்டுமென்றே தடையுள்ள வயர், கேபிளுக்குள் அலை எதிரொலிப்பதை அதுதான் அடக்குகிறது. சுவிட்சை ஒன்றில் வைத்து நுனிக்கும் நடு ஊசிக்கும் அளந்தால் நூறு, இருநூறு ஓம் அளவு காட்டுவது அதனால்தான், அது பழுதல்ல. சாதாரணக் கேபிள் போட்ட புரோப், ஒரு கிலோ ஹேர்ட்ஸ் சோதனையில் அழகாகத் தேறிவிடும். இருபது, முப்பது மெகா ஹேர்ட்ஸுக்கு மேலேதான் பொய் சொல்லத் தொடங்கும்.