39,000 ரூபாய் லாபத்துக்கு வரி பூஜ்யம், 9,700 ரூபாய் லாபத்துக்கு 2,012 ரூபாய் வரி! ஒரே கான்ட்ராக்ட் நோட்டில் எப்படி?

[திரையில்: ஒரு கான்ட்ராக்ட் நோட். பெயரும் பான் எண்ணும் மறைக்கப்பட்டுள்ளன.]

ஒரே கம்பெனி. ஒரே நாள். ஒரே விலை. 150 பங்குகளை மொத்தமாக விற்றிருக்கிறார் ஒருவர். அதில் 39,000 ரூபாய்க்கு மேல் வந்த லாபத்துக்கு ஒரு பைசா வரி இல்லை. 9,700 ரூபாய்கூடத் தேறாத இன்னொரு லாபத்துக்கு 2,012 ரூபாய் வரி. தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டார்களா? இல்லை, சரியான கணக்கே இதுதான்.

வணக்கம். இந்தியாவில் பட்டியலிட்ட பங்கை விற்றால் வரி எப்படி என்பதை பங்கு வாங்கினாலும் விற்றாலும் புரோக்கர் அனுப்பும் இந்த ஒரு கான்ட்ராக்ட் நோட்டை வைத்தே பார்த்துவிடலாம். கம்பெனி பெயர் கேட்காதீர்கள், இது விளக்கத்துக்காக நான் போட்ட கணக்கு.

விதியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் நீண்டகால லாபம், வருடத்துக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5%. 12 மாதத்துக்குள் விற்றால் குறுகியகால லாபம், 20%. 2024 ஜூலை 23 முதல் இந்த விகிதங்கள்தான். இரண்டிலும் வரியின்மேல் 4% செஸ் உண்டு. அவ்வளவுதான்.

இப்போது நோட்டுக்கு வருவோம்.

[திரையில்: விற்ற நாள் 15 அக்டோபர் 2025. 150 பங்கு × 1,000 = 1,50,000]

இவர் வாங்கியது இரண்டு தடவை. 2024 அக்டோபர் 14 அன்று 100 பங்கு, 600 ரூபாய்க்கு. அப்புறம் 2025 மே 5 அன்று இன்னொரு 100, 800 ரூபாய்க்கு. கையில் 200 இருக்க, 150ஐ விற்றார். எந்த 150? "விலை கூடப் போட்டு வாங்கியதை முதலில் விற்றேன், லாபம் குறையும்" என்று நாம் நினைத்துக்கொள்ளலாம், வரித்துறை ஒத்துக்கொள்ளாது. பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கில் முதலில் வந்த பங்குதான் முதலில் வெளியே போகும். ரேஷன் கடை வரிசை மாதிரி, நடுவில் புகமுடியாது. ஆக, பழைய 100 முழுவதும் போயிற்று; புதியதில் 50 போயிற்று.

ஒரு சின்ன ரகசியம்: இந்த வரிசை ஒவ்வொரு டீமேட் கணக்குக்கும் தனித்தனி. நீண்டகாலத்துக்கு ஒரு கணக்கு, அடிக்கடி வாங்கி விற்க இன்னொரு கணக்கு என்று சிலர் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி எனக்கு ரொம்பப் பிடித்த இடம். பழைய 100 பங்குக்கு ஒரு வருடம் ஆகிவிட்டதா? 2024 அக்டோபர் 14 வாங்கினார். ஆனால் பங்கு டீமேட்டில் வந்து உட்கார்ந்தது மறுநாள், 15ஆம் தேதி. விற்றது 2025 அக்டோபர் 15. டீமேட் தேதியை வைத்து எண்ணினால் சரியாக ஒரு வருடத்தில் நிற்கிறது, "12 மாதத்துக்கு மேல்" என்பது இடிக்கிறது. ஆனால் எண்ணவேண்டியது டீமேட் தேதியை அல்ல. எக்ஸ்சேஞ்ச் வழியாக நடந்து, பங்கும் கைமாறிவிட்டால், கான்ட்ராக்ட் நோட்டில் உள்ள டிரேட் தேதியே கணக்கு. மத்திய நேரடி வரிகள் வாரியம் 1995லேயே சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது. எனவே 14 முதல் 15 வரை. ஒரு வருடத்தைத் தாண்டிவிட்டார். நீண்டகாலம்!

இதே ஆள் இரண்டு நாள் பொறுக்காமல் 13ஆம் தேதி விற்றிருந்தால் அந்த 100 பங்கின் லாபமும் 20% பக்கம் போயிருக்கும். அதற்கு மட்டும் 8,199 ரூபாய் கட்டவேண்டும். சரியாக 14ஆம் தேதி விற்கலாமா என்று கேட்காதீர்கள். ஒரு நாள் தள்ளி விற்றுவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

[திரையில்: நோட்டின் கீழ்ப்பகுதி பெரிதாகத் தெரிகிறது]

கீழே பாருங்கள். புரோக்கரேஜ் 450. எக்ஸ்சேஞ்ச் கட்டணம் 4.46. செபி கட்டணம் 15 பைசா. இந்த மூன்றின்மேல் 18% ஜிஎஸ்டி, 81.83. கடைசியாக எஸ்டிடி, அதாவது பங்குப் பரிவர்த்தனை வரி, 150 ரூபாய். டெலிவரியில் வாங்கும்போதும் 0.1%, விற்கும்போதும் 0.1%. எல்லாம் போக வங்கிக்கு வருவது 1,49,313.56.

முக்கால்வாசிப் பேர் வழுக்குவது இங்கேதான். இந்த நிகரத் தொகையை அப்படியே விற்பனை மதிப்பு என்று போட்டுவிடுவார்கள். புரோக்கரேஜ், ஜிஎஸ்டி, மற்ற கட்டணங்களைக் கழிக்கலாம். வாங்கும்போது கட்டிய முத்திரைக் கட்டணத்தை விலையோடு சேர்க்கலாம். எஸ்டிடியை மட்டும் இரண்டு பக்கத்திலும் தொடக்கூடாது. நிகரத் தொகையில் எஸ்டிடி ஏற்கெனவே கழிந்திருக்கிறது, அதை எடுத்துக் கூட்டவேண்டும்.

இது நியாயமா? கதையைக் கேளுங்கள். எஸ்டிடி 2004 அக்டோபரில் வந்தது, சிதம்பரம் நிதியமைச்சர். அப்போது பேச்சு என்னவென்றால், இதைக் கட்டினால் நீண்டகால லாபத்துக்கு வரியே கிடையாது. 2018 பட்ஜெட்டில் ஜெட்லி அந்த வரியைத் திரும்பக் கொண்டுவந்தார். எஸ்டிடி போயிற்றா? இல்லையே! "வாடகை வேண்டாம், அட்வான்ஸ் கொடுங்கள் போதும்" என்ற வீட்டுக்காரர், அட்வான்ஸை வைத்துக்கொண்டே வாடகையும் கேட்கிற கதை. நஷ்டத்தில் விற்றாலும் எஸ்டிடி உண்டு, அது லாபத்தைப் பார்ப்பதில்லை. உங்கள் வயிற்றெரிச்சலைக் கமெண்டில் கொட்டுங்கள், நான் படிக்கிறேன்.

ஆனாலும் ஒரு பலன் இருக்கிறது. எஸ்டிடிதான் இந்தச் சலுகை விகிதங்களுக்கு நுழைவுச்சீட்டு. எக்ஸ்சேஞ்சுக்கு வெளியே எஸ்டிடி இல்லாமல் விற்ற குறுகியகால லாபம் சம்பளம் மாதிரி உங்கள் ஸ்லாபில் சேர்ந்துவிடும். 30% ஸ்லாபில் இருப்பவர்களுக்கு அது வலிக்கும்.

சரி, கணக்கை முடிப்போம். எஸ்டிடி தவிர்த்த விற்பனைச் செலவு 536.44, பங்குக்கு 3.58 ரூபாய்போல வரும்.

[திரையில்: பழைய 100. 1,00,000 − 357.63 − 60,223.57 = 39,418.80]

அந்த 60,223.57இல் வாங்கிய விலை, புரோக்கரேஜ், ஜிஎஸ்டி, முத்திரைக் கட்டணம் எல்லாம் அடக்கம். நீண்டகால லாபம் 39,419. இந்த நிதியாண்டில் இவருக்கு வேறு நீண்டகால லாபம் இல்லை, 1.25 லட்சத்துக்குள் அடங்கிவிட்டது. வரி பூஜ்யம்.

[திரையில்: புதிய 50. 50,000 − 178.81 − 40,149.05 = 9,672.14]

இது குறுகியகாலம். 20% என்றால் 1,934, செஸ் 77, மொத்தம் 2,012 ரூபாய். இந்தப் பக்கம் 1.25 லட்சச் சலுகை கிடையாது.

"புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரியே இல்லையே" என்று இந்நேரம் யாரோ டைப் செய்துகொண்டிருப்பீர்கள். அந்தத் தள்ளுபடி இந்த லாபத்தின் வரிக்குச் செல்லாது. மற்ற வருமானம் அடிப்படை வரிவிலக்கு வரம்பான 4 லட்சத்துக்கும் கீழே இருந்தால், மீதமுள்ள இடத்தில் இந்த லாபத்தை அடக்கிக்கொள்ளலாம், இந்தியாவில் வசிப்பவராக இருந்தால் மட்டும்.

மீதி 50 பங்கு இன்னும் அவர் கணக்கில் இருக்கிறது. வாங்கியது 2025 மே 5. எந்தத் தேதிக்குப் பிறகு விற்றால் நீண்டகாலம்? கமெண்டில் போடுங்கள், டீமேட் தேதியைப் பார்த்துப் போடுபவர்களுக்கு மார்க் கிடையாது.