பஸ்ஸில் இருக்கும்போது நாலு நிமிஷ வாய்ஸ் மெசேஜ் வந்தால்: வாட்ஸ்அப்பில் என்ன செய்யலாம்

[திரையில்: வாட்ஸ்அப் சாட். பெரியம்மாவிடமிருந்து 4:00 நிமிட வாய்ஸ் மெசேஜ்.]

கூட்டமான பஸ். பெரியம்மா நாலு நிமிஷத்துக்குப் பேசி அனுப்பியிருக்கிறார். கல்யாணச் செய்தியா, சொத்துப் பேச்சா, தெரியாது. பிளே பட்டனைத் தட்டினால் ஸ்பீக்கரில் பஸ் முழுக்கக் கேட்கும். ஹெட்போனும் கையில் இல்லை.

தட்டியதும் போனை, அழைப்பில் பேசுவது போலக் காதில் வையுங்கள். அவ்வளவுதான். திரைக்கு மேலே இருக்கும் சென்சார், முகம் அருகில் வந்ததைக் கண்டுபிடித்துத் திரையை அணைக்கும். ஒலி கீழே இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து, அழைப்பில் குரல் கேட்கும் இயர்பீஸுக்கு மாறிவிடும். செட்டிங்ஸில் எதையும் மாற்ற வேண்டாம்.

[திரையில்: போனின் மேல் விளிம்பு, நெருக்கத்தில்.]

மாறவில்லை என்றால் முதலில் ஸ்கிரீன் கார்டைப் பாருங்கள். மேல் விளிம்பை மூடியபடி ஒட்டியிருந்தாலோ, அங்கே அழுக்கு சேர்ந்திருந்தாலோ சென்சார் குழம்பும். சோதிக்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் எண்ணுக்கே நீங்கள் மெசேஜ் அனுப்பும் சாட்டில் ஏதாவது பேசிப் பதிந்து, அதை ஓடவிட்டு, மேல் விளிம்பை உள்ளங்கையால் மூடுங்கள். திரை அணைந்தால் சென்சார் சரி. அணையாவிட்டால் கார்டை எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்புறம், புளூடூத்தில் ஏதாவது இணைந்திருந்தால் ஒலி அதற்குத்தான் போகும். வீட்டில் இருக்கும் ஸ்பீக்கர் இன்னும் இணைப்பில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பெரியம்மாவின் குரல் கூடத்தில் ஒலிப்பது இப்படித்தான்.

இன்னொரு குழப்பம். பல போன்களில் இயர்பீஸே இரண்டாவது ஸ்பீக்கராகவும் வேலை செய்கிறது. அதனால் மேலே இருந்து சத்தம் வருவதை மட்டும் வைத்து, மாறிவிட்டது என்று நம்ப வேண்டாம். மாறியிருந்தால் கீழே சத்தம் நின்றிருக்கும். ஒலியும் சட்டென்று குறைந்திருக்கும். போதவில்லை என்றால் காதில் வைத்தபடியே பக்கவாட்டு வால்யூம் பட்டனை அழுத்துங்கள்.

பாதியில் போனைக் காதிலிருந்து எடுத்தால் என்ன ஆகும் என்பது போனுக்குப் போன் மாறும். சிலவற்றில் நின்றுவிடும், சிலவற்றில் ஸ்பீக்கருக்குத் தாவிவிடும். இதையும் வீட்டிலேயே சோதித்துவிடுங்கள். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மெசேஜ் வந்திருந்தால், முதலாவது முடிந்ததும் அடுத்தது தானாகவே ஓடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

[திரையில்: ஓடிக்கொண்டிருக்கும் மெசேஜின் ஓரத்தில் வேக பட்டன்.]

சரி, நாலு நிமிஷத்தைக் குறைக்கலாமா? மெசேஜ் ஓடத் தொடங்கியதும் ஓரத்தில் 1x என்று ஒரு பட்டன் வரும். தட்டினால் 1.5x, மறுபடி தட்டினால் 2x, இன்னொரு முறை தட்டினால் பழையபடி 1x. ஒன்றரை வேகத்தில் பெரியம்மாவின் பேச்சு 2 நிமிடம் 40 விநாடியில் முடியும். இரட்டை வேகத்தில் 2 நிமிடம். வேகம் கூடினாலும் குரல் கீச்சென்று ஆகாது, சுருதியை அப்படியே வைத்துக்கொண்டு நீளத்தை மட்டும்தான் சுருக்குகிறார்கள். காதில் வைத்த பிறகு திரை இருக்காது, ஆகவே வேகத்தை முதலிலேயே தட்டிவிடுங்கள்.

எனக்கு 2x நிதானமாகப் பேசுகிறவர்களுக்குத்தான் ஒத்துவருகிறது. நம்மில் பலர் இயல்பிலேயே வேகமாகப் பேசுகிறோம். இரட்டை வேகத்தில் 'எழுபது', 'எண்பது' இரண்டும் ஒரே மாதிரி விழும். தொகை, தேதி, போன் நம்பர் வந்தால் அலைக்கோட்டில் இருக்கும் புள்ளியைச் சற்றுப் பின்னால் இழுத்து, அந்த இடத்தை 1x வேகத்தில் கேளுங்கள்.

[திரையில்: செட்டிங்ஸ்.]

கேட்காமல் படிக்க முடியுமா? 2024 நவம்பரில் வாட்ஸ்அப் அந்த வசதியை அறிவித்தது. Settings > Chats > Voice message transcripts என்று போய், அதை இயக்கி, மொழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு மெசேஜை அழுத்திப் பிடித்து Transcribe தட்டினால் அதன் கீழே எழுத்து வரும். எழுத்தாக்கம் உங்கள் போனுக்குள்ளேயே நடக்கிறது. அனுப்பியவருக்கு அது தெரிவதில்லை.

ஆனால் அறிமுகமானபோது இருந்த மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. உங்கள் போனில் இப்போது இருக்கிறதா என்று அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள். இல்லையென்றால், ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பெரியம்மாவின் மெசேஜைத் தட்டிப் பயனில்லை: எழுத்து கிடைக்கவில்லை என்று வரும், அல்லது சம்பந்தமில்லாத ஆங்கிலச் சொற்கள் வரும். அலுவலகத்திலிருந்து முழுக்க ஆங்கிலத்தில் வரும் மெசேஜுக்கு நன்றாக உதவும். அதிலும் பின்னணிச் சத்தம் இருந்தால் பெயர்களும் எண்களும் தவறும், அவற்றைக் காதால் ஒருமுறை சரிபாருங்கள்.

கடைசியாக ஒன்று. மெசேஜை நீங்கள் ஓடவிட்டதும் அனுப்பியவரின் திரையில் மைக் குறி நீலமாகிவிடும். நீல டிக்கை நீங்கள் நிறுத்தி வைத்திருந்தாலும் இது நிற்காது. நிறுத்த வழியும் கிடையாது. பஸ்ஸில் இரண்டு விநாடி ஓடவிட்டு மூடினாலும், நீங்கள் கேட்டுவிட்டதாகத்தான் பெரியம்மா நினைப்பார்.